நிணநீர் முடிச்சின் உள்ளமைப்பும் லிம்போசைட்டுகளின் சுற்றோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிணநீர் முடிச்சை நடுவில் வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

அவரை விதை வடிவமுள்ள ஒரு சிறிய உறுப்பு அது. இயல்பான நிலையில் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். மனித உடலில் இத்தகைய முடிச்சுகள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக் கூட்டின் நடுப்பகுதி, குடலைத் தாங்கும் மடிப்பு ஆகிய இடங்களில் அவை கூட்டங்கூட்டமாக அமைந்திருக்கும்.

வெளிப்புறத்தில் நார்த்திசுவாலான ஓர் உறை உண்டு. திசுக்களிலிருந்து வடியும் திரவமான நிணநீரைக் கொண்டுவரும் பல சிறு நாளங்கள் குவிந்த பக்கத்தில் இந்த உறையைத் துளைத்துக்கொண்டு நுழைகின்றன. உறைக்குச் சற்றுக் கீழே, முடிச்சு முழுவதையும் சுற்றி, உறையடிக் குழிவு என்னும் குறுகிய இடைவெளி இருக்கிறது. வந்த நிணநீர் முதலில் பரவுவது இங்கேதான். இந்தக் குழிவின் தரையை ஒட்டி மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள் அமர்ந்து, நீரோடு வரும் கிருமிகளையும் துகள்களையும் பிடித்துக்கொள்கின்றன.

அதற்கு உட்புறம் மூன்று பகுதிகள் உள்ளன. வெளிப்புறமாக உள்ள புறணியில், லிம்போசைட் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்கள் உருண்டைத் திரள்களாகக் கூடியிருக்கின்றன; இவற்றுக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். அடுத்துள்ள உட்புறணி, லிம்போசைட்டின் மற்றொரு வகையான டி செல்களின் இடம். மையத்தை ஒட்டி மெடுல்லா இருக்கிறது. அங்கே செல்கள் நிறைந்த இழைகளும் அவற்றுக்கிடையே நிணநீர் ஓடும் குழிவுகளும் மாறிமாறி அமைந்திருக்கும். முடிச்சின் குழிந்த பக்கத்துக்கு நாபி என்று பெயர். தமனி உள்ளே போவதும், சிரை வெளியே வருவதும், வடிந்த நிணநீரை ஏந்திச் செல்லும் ஒன்றிரண்டு நாளங்கள் புறப்படுவதும் அதன் வழியாகவே.

இந்த வரைபடத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வரும் விளக்கங்கள் எளிதாகும். முடிச்சுக்குள் வர நிணநீர், இரத்தம் என இரண்டு வழிகள் இருக்கின்றன. லிம்போசைட் வெளியேறுவதற்கோ நிணநீர் வழி ஒன்றுதான்.

லிம்போசைட்டுகள் நிணநீரோடுதானே முடிச்சுக்குள் வந்து சேர்கின்றன?

பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. தோலிலிருந்தும் பிற திசுக்களிலிருந்தும் முடிச்சுக்கு வரும் நிணநீரில் செல்கள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் ஏற்கெனவே கிருமிகளைச் சந்தித்துத் திசுக்களில் உலவி வந்த டி செல்களும், கிருமியின் துணுக்குகளைச் சுமந்துவரும் டென்ட்ரிடிக் செல்களும் ஆகும். முடிச்சில் நுழையும் லிம்போசைட்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இரத்தத்திலிருந்து நேராக வருகின்றன. இன்னும் எந்தக் கிருமியையும் சந்தித்திராத புதிய லிம்போசைட்டுகளுக்கு இரத்த வழியே முதன்மையான வழி.

ஆகவே முடிச்சில் இரு வேறு ஓட்டங்கள் சந்திக்கின்றன. நிணநீர் வழியே, உடலின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் என்ன நடக்கிறது என்பதற்கான சான்று வருகிறது. இரத்த வழியே, உடல் முழுவதையும் சுற்றிவரும் லிம்போசைட்டுகள் அந்தச் சான்றைச் சோதித்துப் பார்க்க வருகின்றன. முடிச்சின் அமைப்பு முழுவதும் இந்தச் சந்திப்புக்காக உருவானது என்றே நான் கருதுகிறேன். வடிகட்டி என்று மட்டும் அதைச் சொல்லிவிடுவது பாதி உண்மையோடு நின்றுவிடுவதாகும்.

அவை மீண்டும் மீண்டும் சுற்றிவருகின்றன என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது விடை தெரியாத புதிராக இருந்தது. உடலின் பெரும்பகுதியிலிருந்து திரளும் நிணநீர் மார்பு நிணநீர் நாளத்தின் வழியே மேலேறி, இடப்பக்கக் கழுத்தடியில் பெருஞ்சிரைகள் கூடும் இடத்தில் இரத்தத்தில் கலக்கிறது. அந்த நாளத்திலிருந்து ஒரு நாளில் இரத்தத்துக்குள் கொட்டும் லிம்போசைட்டுகளை எண்ணினால், இரத்தத்தில் உள்ள லிம்போசைட்டுகள் அனைத்தையும் பலமுறை மாற்றி நிரப்பும் அளவுக்கு அவை இருந்தன. ஆனாலும் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை கூடவில்லை. இவ்வளவு செல்களும் எங்கே போகின்றன? இவை சில மணி நேரமே வாழ்ந்து எங்கோ அழிகின்றன என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளின் மார்பு நிணநீர் நாளத்தில் மெல்லிய குழாயைச் செருகி, நிணநீரை நாள்கணக்கில் வெளியே வடித்தார். வடிக்க வடிக்க, நாளத்தில் வரும் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை சில நாட்களில் வெகுவாகச் சரிந்தது. செல்கள் நீக்கப்பட்ட நிணநீரை மட்டும் திருப்பிச் செலுத்தியபோது அந்தச் சரிவு நிற்கவில்லை. உயிருள்ள லிம்போசைட்டுகளைச் சிரை வழியே திருப்பிச் செலுத்தியபோதோ எண்ணிக்கை நிலைபெற்றது. புதிதாக உற்பத்தியாகும் செல்கள்தான் நாளத்தை நிரப்புகின்றன என்றால், வடித்தெடுப்பதால் இவ்வளவு விரைவாக வற்றியிருக்காது. பழைய செல்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

1959-இல் வெளியான ஆய்வில், கதிரியக்கக் குறியிட்ட லிம்போசைட்டுகளை இரத்தத்தில் செலுத்தி, அதே செல்கள் நிணநீரில் மறுபடி வெளிவருவதை அவர் காட்டினார். 1964-இல் நைட் என்பவருடன் செய்த ஆய்வு, அவை இரத்தத்தை விட்டு வெளியேறும் இடத்தையும் காட்டிக்கொடுத்தது. செலுத்திய சிறிது நேரத்திலேயே குறியிட்ட செல்கள் நிணநீர் முடிச்சின் உட்புறணியிலுள்ள ஒரு தனிவகை நுண்சிரைகளின் சுவரில் காணப்பட்டன.

முடிச்சிலிருந்து வெளியேறும் செல்கள் அந்த முடிச்சிலேயே பிறந்தவையாக இருக்கலாமே என்ற ஐயம் எஞ்சியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஹால், மோரிஸ் ஆகிய இருவரும் செம்மறி ஆட்டின் ஒற்றை முடிச்சிலிருந்து வெளியேறும் நாளத்தில் குழாய் செருகி ஆராய்ந்து, 1965-இல் அதற்கு விடை தந்தார்கள். ஓய்வு நிலையிலுள்ள முடிச்சிலிருந்து வெளிவரும் செல்களில் மிகச் சிறு பங்கே அங்கு பிறந்தவை. மற்றவை இரத்தத்திலிருந்து வந்து கடந்து செல்பவை.

இரத்தக் குழாய்கள் உடலெங்கும் இருக்க, முடிச்சில் மட்டும் லிம்போசைட் எப்படி வெளியே குதிக்கிறது?

முடிச்சின் உட்புறணியில் இருக்கும் நுண்சிரைகள் மற்ற நுண்சிரைகளைப் போன்றவை அல்ல. சாதாரணமாக இரத்தக் குழாயின் உட்படலச் செல்கள் தட்டையாக இருக்கும். இங்கோ அவை கனசதுரத்தைப் போல உயர்ந்து தடித்திருக்கின்றன. அதனால்தான் இவற்றுக்கு உயர் உட்படல நுண்சிரைகள் என்ற பெயர் வந்தது. உயரம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. உண்மையான வேறுபாடு அவற்றின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளில் இருக்கிறது.

நுழைவு அடுத்தடுத்த படிகளாக நடக்கிறது. முதலில், லிம்போசைட்டின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய நீட்சிகளின் நுனியில் எல்-செலக்டின் என்னும் புரதம் இருக்கிறது. நுண்சிரையின் சுவரில், கந்தகச் சேர்க்கை கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் பற்றிக்கொள்ளும், ஆனால் அந்தப் பிடி நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும். பிடித்தும் விட்டும் பிடித்தும் விட்டும் செல் சுவரை ஒட்டி உருண்டு செல்ல, அதன் வேகம் வெகுவாகக் குறைகிறது.

வேகம் குறைந்ததால் இரண்டாம் படிக்கு நேரம் கிடைக்கிறது. அதே சுவரில், செல்களை ஈர்க்கும் கீமோகைன் வகைப் புரதமான சிசிஎல்21 ஒட்டியிருக்கிறது. லிம்போசைட்டின் சிசிஆர்7 ஏற்பி அதை உணர்ந்ததும், செல்லுக்குள் எழும் சமிக்ஞை மூன்றாம் புரதமான எல்எஃப்ஏ-1-இன் வடிவத்தை மாற்றுகிறது. மடங்கிக் கிடந்த எல்எஃப்ஏ-1 நிமிர்ந்து, சுவரிலுள்ள தனக்குரிய புரதத்தை உறுதியாகப் பற்றுகிறது. உருண்டுகொண்டிருந்த செல் அங்கேயே நின்றுவிடும். பிறகு அது தன்னைக் குறுக்கிக்கொண்டு உட்படலச் செல்களைக் கடந்து, சில நிமிடங்களில் முடிச்சின் திசுவுக்குள் இறங்குகிறது.

எந்த ஒரு படியும் தனியே போதாது என்பதுதான் இதன் சிறப்பு. சர்க்கரைச் சங்கிலி இருந்து கீமோகைன் இல்லாவிட்டால் செல் உருண்டு போய்விடும். கீமோகைன் இருந்து முதல் பிடி இல்லாவிட்டால் இரத்த ஓட்டமே அதை இழுத்துச் சென்றுவிடும். மூன்றும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பது அரிது. அந்த அரிய சேர்க்கையே லிம்போசைட்டுக்கு முகவரியாகிறது.

இந்த நுண்சிரைகளின் தன்மை நிலையானதும் அல்ல. முடிச்சுக்கு நிணநீர் கொண்டுவரும் நாளங்களை விலங்குகளில் துண்டித்தபோது, சில வாரங்களில் அந்த உயர்ந்த செல்கள் தட்டையாகிவிட்டன. லிம்போசைட்டுகளின் வரவும் குன்றியது. நிணநீர் வழியே வந்துகொண்டிருக்கும் டென்ட்ரிடிக் செல்களின் தூண்டுதல்தான் இரத்த வழி வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

உள்ளே நுழைந்த பிறகு அது என்ன செய்யும்? ஓரிடத்தில் காத்திருக்குமா?

காத்திருப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். 2002-இல், இரு ஃபோட்டான் நுண்ணோக்கி மூலம் முடிச்சுக்குள் செல்களை உயிருடன் பார்க்க முடிந்தபோது, டி செல்கள் நிமிடத்துக்குச் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மைக்ரோமீட்டர் வேகத்தில் திசை மாற்றி மாற்றி அலைவது தெரிந்தது. ஒரு லிம்போசைட்டின் விட்டமே ஏழெட்டு மைக்ரோமீட்டர்தான். அதாவது அது நிமிடத்துக்குத் தன் உடலளவை விடச் சற்று அதிகமாக நகர்கிறது. பி செல்கள் அதில் பாதி வேகத்தில் செல்கின்றன.

அலைவதற்கு அங்கே பாதையும் உண்டு. நார்த்திசுச் செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து முப்பரிமாண வலைப்பின்னலாக முடிச்சு முழுவதும் பரவியிருக்கின்றன. டி செல்கள் அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு நகர்கின்றன; டென்ட்ரிடிக் செல்களும் அதே வலையில் அமர்ந்திருக்கின்றன. வலையின் செல்கள் சுரக்கும் கீமோகைன்கள், டி செல்களை உட்புறணியிலேயே நிறுத்துகின்றன. ஃபாலிக்கிளில் வேறொரு கீமோகைன் சுரப்பதால், அதற்குரிய ஏற்பியை உடைய பி செல்கள் அங்கே செல்கின்றன. புறணியும் உட்புறணியும் சுவரால் பிரிக்கப்பட்டவை அல்ல. வேதி ஈர்ப்பால் மட்டுமே பிரிந்து நிற்பவை.

இழைகளுக்குள் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் இழையின் நடுவிலும் கொலாஜன் நார்களுக்கு இடையே நுண்குழல்கள் ஓடுகின்றன. உறையடிக் குழிவிலிருந்து நிணநீரின் ஒரு சிறு பகுதி இவற்றின் வழியே ஆழத்துக்குச் செல்கிறது. எழுபது கிலோடால்டனுக்குக் குறைந்த சிறு மூலக்கூறுகளே பெரும்பாலும் இதற்குள் புக முடியும். முழு பாக்டீரியாவோ வைரஸோ புக முடியாது. அழற்சி ஏற்பட்ட திசுவில் சுரந்த சமிக்ஞை மூலக்கூறுகள் இவ்வழியே நுண்சிரைகளின் சுவரை எட்டி, அங்கே என்ன வகைச் செல்கள் நுழையலாம் என்பதையே மாற்றக்கூடும்.

இந்த அலைச்சலுக்குக் காரணம் எளிய கணக்குதான். ஒரு குறிப்பிட்ட கிருமித் துணுக்கை அடையாளம் காணக்கூடிய புதிய டி செல், லட்சத்தில் ஒன்று முதல் பத்து லட்சத்தில் ஒன்று வரைதான் இருக்கும். அந்தத் துணுக்கைச் சுமக்கும் டென்ட்ரிடிக் செல் ஏதோ ஒரு முடிச்சில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால், செல்கள் ஒவ்வொரு முடிச்சாகப் போய் ஒவ்வொரு டென்ட்ரிடிக் செல்லையும் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு டி செல் ஒரு முடிச்சில் அரை நாள் முதல் ஒரு நாள் வரை செலவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில், நிமிடத்துக்குப் பதினொரு மைக்ரோமீட்டர் என்று கணக்கிட்டால், அது நடக்கும் மொத்தத் தொலைவு ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். அவ்வளவும் வளைந்து நெளிந்து நடந்ததே தவிர நேர்க்கோட்டில் போனதல்ல. பி செல்கள் பொதுவாக இன்னும் சற்று நீண்ட நேரம் தங்குகின்றன.

தேடியது கிடைக்காவிட்டால் எப்போது வெளியேறுவது என்பதை எது முடிவு செய்கிறது?

எஸ்1பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்ஃபிங்கோசின்-1-ஃபாஸ்பேட் என்னும் கொழுப்பு மூலக்கூறு. இரத்தத்திலும் நிணநீரிலும் இதன் செறிவு மிகுதி. முடிச்சின் திசுவிலோ இதைச் சிதைக்கும் நொதி இருப்பதால் செறிவு மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே வெளியேறும் திசையைக் காட்டுகிறது.

லிம்போசைட்டின் மேற்பரப்பில் எஸ்1பி ஏற்பி இருக்கிறது. ஆனால் மூலக்கூறு அதிகமுள்ள இடத்தில் இருந்தால், ஏற்பி செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படும். இரத்தத்தில் மிதந்த லிம்போசைட் முடிச்சுக்குள் நுழையும்போது அதன் மேற்பரப்பில் இந்த ஏற்பி ஏறக்குறைய இல்லாத நிலையில்தான் வருகிறது. ஆகவே வெளியேறும் அழைப்பு அதற்குக் கேட்பதில்லை. எஸ்1பி குறைந்த திசுவில் சில மணி நேரம் அலையும்போது ஏற்பி சிறிது சிறிதாக மேற்பரப்புக்குத் திரும்புகிறது. அதே நேரத்தில், உட்புறணியில் பிடித்துவைக்கும் சிசிஆர்7-இன் பிடி தளர்கிறது. அலைந்துகொண்டே நிணநீர்க் குழிவின் ஓரத்தை அடையும்போது, ஏற்பி போதுமான அளவு திரும்பியிருந்தால் செல் குழிவுக்குள் நுழைந்துவிடும். இல்லாவிட்டால் திரும்பி வந்து மேலும் அலையும். தங்கும் நேரத்தை அளக்கத் தனியே ஒரு கடிகாரம் இல்லாமல், ஏற்பி மீளும் வேகமே கடிகாரமாகிவிடுகிறது.

குழிவுக்குள் விழுந்த செல், மெடுல்லா வழியாக நாபியை அடைந்து, வெளியேறும் நாளத்தில் சேர்கிறது. வழியில் இன்னும் சில முடிச்சுகளைக் கடக்கலாம். இறுதியில் மார்பு நிணநீர் நாளம், அல்லது வலப்பக்கத்துக்குரிய சிறிய நாளம் வழியே சிரை இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் அது சராசரியாக அரை மணி நேரமே இருக்கும்; பிறகு அடுத்த முடிச்சு, அல்லது மண்ணீரல்.

காலில் முள் குத்திக் கிருமி புகுந்தால் இதெல்லாம் எந்த வரிசையில் நடக்கும்?

பெருவிரல் பக்கம் குத்தியதாகக் கொள்வோம். அந்தப் பகுதியின் நிணநீர் பெரும்பாலும் காலின் உட்பக்கமாக மேலேறித் தொடை இடுக்கு முடிச்சுகளுக்குச் செல்கிறது. குதிகாலின் வெளிப்பக்கம் குத்தியிருந்தால் முழங்காலின் பின்னுள்ள முடிச்சுக்குப் போயிருக்கும்.

குத்திய சில நிமிடங்களிலிருந்தே கிருமியின் கரைந்த புரதங்களும், சில சமயம் கிருமிகளும் நிணநீரோடு உறையடிக் குழிவை அடைகின்றன. மேக்ரோஃபேஜ்கள் அவற்றைப் பிடிக்கின்றன. அடியிலுள்ள ஃபாலிக்கிளின் பி செல்களுக்குக் கிருமித் துணுக்குகளைக் கைமாற்றியும் கொடுக்கின்றன. தோலில் கிருமியை விழுங்கிய டென்ட்ரிடிக் செல்கள் சிசிஆர்7 ஏற்பியைப் பெற்று, நிணநீர் நாளத்தில் நுழைந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குள் உட்புறணியை அடைகின்றன.

இதற்கிடையே முடிச்சுக்கு வரும் இரத்தம் பெருகி, நுழையும் லிம்போசைட்டுகள் கூடுகின்றன. அதே நேரத்தில் வெளியேறுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அழற்சியின் சமிக்ஞையால் லிம்போசைட்டின் மேற்பரப்பில் சிடி69 என்னும் புரதம் தோன்றி, எஸ்1பி ஏற்பியைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவதே காரணம். வரவு கூடி, செலவு நின்றுவிட்டதால் முடிச்சு பருக்கிறது. உறை இழுபடுவதால் தொட்டால் வலிக்கிறது. முதல் இரண்டு நாட்களில் தொடை இடுக்கில் நெறி கட்டுவதற்குச் செல் பெருக்கத்தை விட இந்தத் தேக்கமே பெரிய காரணம்.

பொருத்தமான டி செல் டென்ட்ரிடிக் செல்லைக் கண்டதும், முதலில் சில மணி நேரம் தொட்டுத் தொட்டு விலகுகிறது. பிறகு பல மணி நேரம் விடாமல் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் விலகிப் பிரியத் தொடங்குகிறது. எட்டு மணிக்கு ஒருமுறை பிரிவதாகக் கொண்டால், ஒரே செல் மூன்று நாளில் ஒன்பது முறை பிரிந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டாகும். நான்கு நாளில் நான்காயிரத்தைத் தாண்டும்.

பி செல்லும் டி செல்லும் ஃபாலிக்கிளின் ஓரத்தில் சந்திக்கின்றன. துணுக்கைப் பற்றிய பி செல்லுக்கு உட்புறணியின் கீமோகைனை நாடும் ஏற்பி கூடுகிறது. தூண்டப்பட்ட டி செல்லில் ஒரு பகுதிக்கு ஃபாலிக்கிளின் கீமோகைனை நாடும் ஏற்பி தோன்றுகிறது. ஆகவே இரண்டும் எல்லையை நோக்கி நகர்கின்றன. அங்கே உதவி பெற்ற பி செல்களில் சில மெடுல்லாவின் இழைகளுக்குச் சென்று எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சில ஃபாலிக்கிளுக்குத் திரும்பி, முதல் வார இறுதியில் அங்கே பி செல்கள் பெருகும் திரளான முளைமையத்தை உருவாக்குகின்றன.

நான்காம், ஐந்தாம் நாட்களில் சிடி69 மறைந்து, பிரிந்து பெருகிய செல்களில் எஸ்1பி ஏற்பி மீள்கிறது. இப்போது வெளியேறும் நிணநீர் செல்களால் நிறைந்துவிடும். ஆனால் இவை வந்தபோது இருந்த அதே செல்கள் அல்ல.

வேலை கற்றுக்கொண்ட செல்கள் மறுபடி அதே முடிச்சுக்கா போகும்?

போர்ப்பணிக்குத் தயாரான டி செல்களில் பெரும்பகுதி எல்-செலக்டினையும் சிசிஆர்7-ஐயும் இழந்துவிடுகிறது. எனவே உயர் உட்படல நுண்சிரையின் வாசல் அவற்றுக்கு மூடியது போலத்தான். அதற்குப் பதிலாக அழற்சியுற்ற திசுக்களின் இரத்தக் குழாய்களைப் பற்றும் புரதங்களைப் பெறுகின்றன.

எந்தத் திசுவுக்குப் போக வேண்டும் என்பதும் முடிச்சிலேயே தீர்மானமாகிறது. குடலை ஒட்டிய முடிச்சுகளில் உள்ள டென்ட்ரிடிக் செல்கள், வைட்டமின் ஏ-இலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உருவாக்குகின்றன. அதன் செல்வாக்கில் தூண்டப்பட்ட டி செல்கள் ஆல்பா4-பீட்டா7 என்னும் புரதத்தைப் பெறுகின்றன. இது குடலின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தனி மூலக்கூறைப் பற்றுகிறது. குடல் அழற்சி நோய்களுக்குத் தரப்படும் வெடோலிசுமாப் மருந்து இந்தப் புரதத்தைத்தான் மறைக்கிறது. நோய் எதிர்ப்பை முழுவதுமாக அடக்காமல், குடலுக்குச் செல்லும் வழியை மட்டும் அடைப்பது அதன் உத்தி.

தொற்று அடங்கிய பின்னும் எஞ்சி வாழும் நினைவுச் செல்களில் ஒரு பகுதி சிசிஆர்7-ஐத் தக்கவைத்துக்கொண்டு முடிச்சுகளைச் சுற்றுகிறது. ஒரு பகுதி திசுக்களில் உலவி, நிணநீர் வழியே திரும்புகிறது. இன்னொரு பகுதி தோலிலும் குடலிலும் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

ஃபிங்கோலிமாட் மாத்திரை தொடங்கிய பிறகு லிம்போசைட் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. செல்கள் செத்துப்போயினவா?

இல்லை. அவற்றில் பெரும்பாலானவை உயிருடன் முடிச்சுகளுக்குள் இருக்கின்றன. வெளியே வர முடியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள, இரத்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இரண்டாயிரம் லிம்போசைட்டுகள் இருப்பதாகக் கொண்டால், ஐந்து லிட்டரில் ஏறக்குறைய ஆயிரம் கோடி. பெரியவரின் உடலில் உள்ள மொத்த லிம்போசைட்டுகளோ சுமார் ஐம்பதாயிரம் கோடி என்று மதிப்பிடப்படுகிறது. பரிசோதனையில் தெரிவது அதில் இரண்டு விழுக்காடு மட்டுமே. அந்த இரண்டு விழுக்காடும் நிலையான இருப்பு அல்ல. ஒரு பக்கம் நிணநீரிலிருந்து வந்து மறுபக்கம் முடிச்சுக்குள் போய்க்கொண்டிருப்பவை.

ஃபிங்கோலிமாட் உடலுக்குள் ஃபாஸ்பேட் சேர்க்கப்பட்டு எஸ்1பி ஏற்பியைப் பற்றுகிறது. முதலில் அதைத் தூண்டி, பிறகு செல்லுக்குள் இழுத்து, திரும்பி வராமல் சிதையச் செய்கிறது. வெளியேறும் அழைப்பைக் கேட்க ஏற்பி இல்லாததால் செல் முடிச்சிலேயே தங்கிவிடுகிறது. நுழைவு வழக்கம்போல் நடப்பதால் இரத்தம் விரைவில் காலியாகிறது; எண்ணிக்கை பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போவது எதிர்பார்க்கப்படும் விளைவே. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் செல்கள் அங்கே போகாமல் தடுக்க, அமெரிக்காவில் 2010-இல் இம்மருந்து அனுமதி பெற்றது. சிசிஆர்7 இல்லாத நினைவுச் செல்கள் முடிச்சில் அவ்வளவாக நுழைவதே இல்லை என்பதால், அவை பெரும்பாலும் இரத்தத்திலேயே எஞ்சியிருக்கும்.

மருந்தை நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதங்களில் எண்ணிக்கை பொதுவாக மீளும். ஆனால் செல்கள் உயிருடன் இருக்கின்றன என்பதால் ஆபத்தே இல்லை என்று கொள்ளக் கூடாது. சுற்றாத செல் திசுக்களைக் காக்க முடியாது; சின்னம்மை வைரஸ் மீண்டும் கிளம்புவது போன்ற தொற்றுகள் இம்மருந்தில் அறியப்பட்டவை. இதயத்திலும் எஸ்1பி ஏற்பி இருப்பதால் முதல் மாத்திரைக்குப் பின் நாடித்துடிப்பு குறையக்கூடும். அதனால்தான் அன்று சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள். மருந்தைத் தானாக நிறுத்துவது நோய் கடுமையாகத் திரும்ப வழிவகுக்கலாம். அந்த முடிவை மருத்துவரோடு சேர்ந்தே எடுக்க வேண்டும்.

மண்ணீரலிலும் இதே முறைதானா?

அல்ல. மண்ணீரலுக்கு நிணநீர் கொண்டுவரும் நாளங்கள் இல்லை. உயர் உட்படல நுண்சிரைகளும் இல்லை. இரத்தம் நேராகத் திறந்த இடைவெளிகளில் வடிவதால், லிம்போசைட் எல்-செலக்டின் இல்லாமலும் உள்ளே வந்துவிடும். இரத்தத்தில் பரவும் கிருமிகளை அது கவனிக்கிறது. திசுவில் புகுந்தவற்றை முடிச்சுகள் கவனிக்கின்றன.

முடிச்சு வீங்கியிருந்தால், அது மேலே சொன்ன இயல்பான தேக்கமா வேறு நோயா என்று எப்படிப் பிரித்தறிவது?

இயல்பான தேக்கத்துக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. அந்த முடிச்சு வடிக்கும் பகுதியில் ஒரு புண்ணோ தொற்றோ இருக்கும், சில நாட்களில் விரைவாகப் பருக்கும், தொட்டால் வலிக்கும், விரலால் தள்ளினால் நகரும். தொற்று அடங்கினால் வரவு குறைந்து, வெளியேற்றம் திறந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் சுருங்கத் தொடங்கும். வலைப்பின்னல் ஏற்கெனவே விரிந்துவிட்டதால் முழுவதும் பழைய அளவுக்குத் திரும்பச் சற்றுக் காலம் ஆகலாம்.

வலியில்லாமல் கெட்டியாக வளர்வது, அடித்திசுவோடு ஒட்டி நகராமல் இருப்பது, நான்கு வாரத்துக்கு மேல் குறையாதது, கூடவே காரணமில்லாத காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு ஆகியவை இருப்பது வேறு பொருள் தரக்கூடியவை. அப்போது மருத்துவர் முடிச்சின் ஒரு பகுதியையோ முழு முடிச்சையோ எடுத்துச் சோதிப்பார். ஊசியால் உறிஞ்சிய சில செல்களை விட முழு முடிச்சு பயனுள்ளதாக இருப்பதற்குக் காரணம் அமைப்புதான்: லிம்போசைட்டுகளின் புற்றுநோயான லிம்ஃபோமாவில் செல்லின் தோற்றம் மட்டுமல்ல, ஃபாலிக்கிள்களும் உட்புறணியும் தம் இடத்தில் இருக்கின்றனவா, குழிவுகள் திறந்திருக்கின்றனவா என்பதும் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

இடப்பக்கக் காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் தட்டுப்படும் முடிச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்பு நிணநீர் நாளம் இரத்தத்தில் கலக்கும் இடத்துக்கு அருகில் அது இருப்பதால், வயிற்றுக்குள் தொடங்கிய புற்றுநோயின் செல்களும் லிம்போசைட்டுகள் போகும் அதே வழியில் மேலேறி அங்கே தங்கக்கூடும். ஆகவே அந்த இடத்தில் கெட்டியான வீக்கம் தென்பட்டால் வாரக்கணக்கில் பொறுத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். கழுத்தை மட்டுமல்லாமல் வயிற்றையும் மார்பையும் சேர்த்தே சோதிப்பார்கள்.